செங்குத்து அச்சுக்கு பால் ஸ்குரூவா, லீட் ஸ்குரூவா?

*சிறிய துளையிடும் இயந்திரம் ஒன்று செய்கிறேன். மேலும் கீழும் போகும் தலையின் எடை 12 கிலோ. 16 மி.மீ. பால் ஸ்குரூ போடலாமா, அதே தடிமனில் லீட் ஸ்குரூ போதுமா? மோட்டாருக்கு எவ்வளவு முறுக்குவிசை வேண்டும் என்று எப்படிக் கணக்கிடுவது? மின்சாரம் போனால் தலை கீழே இறங்கிவிடுமா?*

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முதல் இரண்டுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது.

லீட் ஸ்குரூவில் திருகின் புரி, நட்டின் புரிமீது நேரடியாகத் தேய்ந்து சறுக்குகிறது. பால் ஸ்குரூவில் இரண்டுக்கும் நடுவே எஃகு உருண்டைகள் உருள்கின்றன. நட்டின் ஒரு முனையை அடைந்த உருண்டை, உள்ளே இருக்கும் திருப்பு வழியாக மறுபடி தொடக்கத்துக்கு வந்து சேர்கிறது. வேறுபாடு இவ்வளவுதான், சறுக்குவதும் உருள்வதும். ஆனால் இந்த ஒன்றிலிருந்தே மோட்டாரின் அளவு, துல்லியம், தேய்மானம் எல்லாம் பிறக்கின்றன. மின்சாரம் போனபின் தலை அங்கேயே நிற்குமா என்பதும் இதிலிருந்துதான் வருகிறது. லீட் ஸ்குரூவின் உராய்வு நீங்கள் தரும் ஆற்றலில் பாதிக்கு மேல் தின்றுவிடும். அதே உராய்வுதான் மோட்டார் தூங்கும்போது தலையைப் பிடித்துக்கொண்டும் நிற்கும். பால் ஸ்குரூவை வாங்கும்போது அந்தத் திருடனை விரட்டுகிறோம். காவல்காரனும் கூடவே போய்விடுகிறான்.

இனி கணக்கு. வார்த்தையில் சொன்னால் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள், எண்ணில் பார்த்தால்தான் எங்கே எவ்வளவு என்று புரியும். நீங்கள் சொல்லாத சிலவற்றை நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் இயந்திரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். தலை நொடிக்கு 50 மி.மீ. வேகத்தில் போக வேண்டும், முடுக்கம் 0.5 மீ/வி², திருகின் நீளம் 400 மி.மீ. பால் ஸ்குரூ 1605 என்ற வகை, அதாவது 16 மி.மீ. தடிமன், ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வு. லீட் ஸ்குரூ 16 × 4 ட்ரப்பீசாய்டல், ஒற்றைப் புரி, ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. நகர்வு, வெண்கல நட், கிரீஸ் போட்டது.

முதலில் திருகின் அச்சு வழியே எவ்வளவு விசை தேவை என்று பார்ப்போம். தலையின் எடை 12 × 9.81, ஏறத்தாழ 118 நியூட்டன். வழிகாட்டித் தண்டவாளங்களின் உராய்வுக்கு 20 நியூட்டன் வைப்போம். தலையை மேல்நோக்கி முடுக்க 12 × 0.5 = 6 நியூட்டன். மொத்தம் 144 நியூட்டன்.

துளையிடும் விசையை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். துளையிடும்போது வேலைப்பொருள் தலையை மேலே தள்ளுகிறது, ஈர்ப்பு கீழே இழுக்கிறது. துளையின் எதிர்விசை 150 நியூட்டன் என்றால், திருகு கீழ்நோக்கித் தள்ள வேண்டியது 150 − 118 + 20 = 52 நியூட்டன் மட்டுமே. ஆகவே இந்த அச்சில் மோட்டாருக்குக் கடினமான நேரம் துளையிடுவது அல்ல, வெறும் தலையைத் தூக்குவதுதான். கிடைமட்ட அச்சின் பழக்கத்தில் எடையையும் வெட்டுவிசையையும் கண்ணை மூடிக்கொண்டு கூட்டுகிறவர்கள் தேவையில்லாமல் பெரிய மோட்டார் வாங்கிவிடுவார்கள். உங்கள் துளைவிசை 400, 500 நியூட்டன் என்று போனால் கணக்கு தலைகீழாகும்.

பால் ஸ்குரூவுக்கு முறுக்குவிசைச் சூத்திரம் எளியது.

```
T = F · L / (2π · η)

T = 144 × 0.005 / (2π × 0.9) = 0.127 N·m
```

இதில் F அச்சு வழி விசை, L ஒரு சுற்றுக்கு நகரும் தூரம் மீட்டரில், η பயனுறுதிறன். நல்ல நிலையில் உள்ள பால் ஸ்குரூவுக்கு 0.9 என்று வைப்பது வழக்கம். சூத்திரம் சொல்வது ஒன்றே: ஒரு சுற்றில் மோட்டார் செய்யும் வேலை, தலை அந்த 5 மி.மீ. ஏறும் வேலையைவிட இழப்பின் அளவுக்குக் கூடுதலாக இருக்க வேண்டும். மில்லிமீட்டரை மீட்டராக்க மறப்பதுதான் இங்கே நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி. விடை 127 என்று வந்தால் பதற வேண்டாம், ஆயிரத்தால் வகுங்கள்.

லீட் ஸ்குரூவுக்கும் இதே சூத்திரம் பொருந்தும். ஆனால் அதற்கு η என்ன என்பதை யாரும் உங்களுக்கு எழுதித் தர மாட்டார்கள், அது உராய்வைப் பொறுத்தது. அதனால் சாய்தளம் ஒன்றில் சுமையைத் தள்ளி ஏற்றுவதாக நினைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சுற்றுப் புரியை அவிழ்த்து நீட்டினால் அது ஒரு சரிவுதான். கிடைநீளம் புரியின் சராசரி விட்டத்தின் சுற்றளவு, உயரம் 4 மி.மீ. 16 × 4 ட்ரப்பீசாய்டல் புரிக்குச் சராசரி விட்டம் 14 மி.மீ. ஆகவே சரிவு:

```
tanλ = L / (π · dm) = 4 / (π × 14) = 0.091
```

அடுத்தது உராய்வு. கிரீஸ் போட்ட எஃகும் வெண்கலமும் சறுக்கும்போது உராய்வுக் குணகம் 0.1 முதல் 0.15 வரை இருக்கும். 0.12 என்று வைப்போம். ட்ரப்பீசாய்டல் புரியின் பக்கம் செங்குத்தாக இல்லாமல் 15 பாகை சாய்ந்திருப்பதால் நட் அதில் ஆப்பு போலச் சற்றே இறுகும். அதற்காக cos15° ஆல் வகுத்தால் உண்மையில் செயல்படும் குணகம் 0.124.

```
μ' = 0.12 / cos15° = 0.124

T = F · (dm/2) · (tanλ + μ') / (1 − μ'·tanλ)
T = 144 × 0.007 × (0.091 + 0.124) / (1 − 0.011)
T = 0.219 N·m
```

இந்த 0.219-ஐ முதல் சூத்திரத்தில் போட்டுத் திருப்பிக் கணக்கிட்டால் பயனுறுதிறன் 42 சதவீதம் என்று வருகிறது. தலையைத் தூக்கும் வேலைக்கு 7.2 வாட். லீட் ஸ்குரூவுக்கு மோட்டார் 17 வாட் தர வேண்டும். மீதி 10 வாட் நட்டில் வெப்பமாகிறது. எப்போதாவது ஏறி இறங்கும் தலைக்கு அது பொருட்டல்ல. நாள் முழுக்க ஓயாமல் ஏறி இறங்கினால், குறிப்பாக நட் பிளாஸ்டிக்காக இருந்தால், அந்த 10 வாட் எங்கே போகிறது என்று கவலைப்பட வேண்டும்.

இது சுமைக்கான பங்கு மட்டுமே. முனை பேரிங்குகளும் நட்டின் தூசித் தடுப்பும் கொஞ்சம் இழுக்கும். இரண்டு வகைக்கும் 0.05 நியூட்டன் மீட்டர் என்று வைக்கிறேன். அதன்பின் சுழலும் பொருள்களை வேகமெடுக்கச் செய்ய வேண்டும். பலர் விட்டுவிடும் இடம் இது. தலையின் 12 கிலோவைப் பற்றியே யோசிப்பார்கள், திருகும் மோட்டாரின் ரோட்டாரும் கூடவே சுற்றுகின்றன என்பது மறந்துபோகும். 400 மி.மீ. நீளமும் 16 மி.மீ. தடிமனும் உள்ள எஃகுத் திருகின் நிலைமத் திருப்புத்திறன் 0.00002 கிலோ மீ². நெமா 23 அளவு ஸ்டெப்பர் மோட்டாரின் ரோட்டாருக்கும் கப்ளிங்குக்கும் சேர்த்து 0.00004 வைப்போம்.

```
J = 0.00006 kg·m²
α = 2π · a / L = 2π × 0.5 / 0.005 = 628 rad/s²
J · α = 0.038 N·m

Jhead = m · (L/2π)² = 12 × (0.005/2π)² = 0.0000076 kg·m²
```

கடைசி வரியைப் பாருங்கள். மோட்டாரின் பக்கத்திலிருந்து பார்த்தால் 12 கிலோ தலையின் நிலைமம், மோட்டாரும் திருகும் சேர்ந்ததில் எட்டில் ஒரு பங்குதான். தலைகீழாகச் சொன்னால், சுழலும் அந்த இரும்பை நேர்கோட்டுக்கு மாற்றிக் கணக்கிட்டால் ஏறத்தாழ 95 கிலோவுக்குச் சமம். தலையை இலேசாக்க அலுமினியத் தகட்டைச் சுரண்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்கள். தூக்குவதற்கு எடை முக்கியம். முடுக்குவதற்கு, இந்த அளவு திருகில், சுழல்வதுதான் முக்கியம்.

கூட்டினால் பால் ஸ்குரூவுக்கு 0.127 + 0.05 + 0.038 = 0.215 நியூட்டன் மீட்டர். லீட் ஸ்குரூவில் சுற்று ஒன்றுக்கு நகர்வு குறைவு என்பதால் கோண முடுக்கம் சற்றுக் கூடும், 0.219 + 0.05 + 0.047 = 0.316. ஸ்டெப்பர் மோட்டாருக்கு இரண்டு மடங்கு கையிருப்பு வைப்பது என் வழக்கம். அப்படியானால் முறையே 0.43, 0.63.

மோட்டாரின் பெயர்ப்பலகையில் 1.9 நியூட்டன் மீட்டர் என்று இருந்தால் இரண்டுமே சின்ன விஷயமாகத் தோன்றும். அந்த 1.9 மோட்டார் நின்றுகொண்டு பிடித்திருக்கும் விசை. வேகம் ஏற ஏற அது சரிந்துகொண்டே போகும். நொடிக்கு 50 மி.மீ. போக பால் ஸ்குரூ நிமிடத்துக்கு 600 சுற்று, லீட் ஸ்குரூ 750 சுற்று சுழல வேண்டும். மோட்டாருடன் வரும் வேகம் – முறுக்குவிசை வரைபடத்தில், நீங்கள் தரப்போகும் அதே மின்னழுத்தத்துக்கான கோட்டில், அந்த வேகத்தில் 0.43 அல்லது 0.63 கிடைக்கிறதா என்று பாருங்கள். 24 வோல்ட்டில் கிடைக்காதது 48 வோல்ட்டில் கிடைப்பதுண்டு. வரைபடம் தராத மோட்டாரை நான் செங்குத்து அச்சுக்கு வாங்குவதில்லை.

ஆக, முறுக்குவிசை மட்டுமே கேள்வி என்றால் உங்கள் இயந்திரத்துக்கு இரண்டு திருகும் போதும். நடுத்தரமான நெமா 23 மோட்டார் இரண்டையும் சுற்றிவிடும். தேர்வைத் தீர்மானிக்கப்போவது தூக்கும் கணக்கு அல்ல, விழும் கணக்கு.

விழும் கணக்கில் லீட் ஸ்குரூவுக்கு விதி ஒன்றே ஒன்று. சரிவைவிட உராய்வு பெரிதாக இருந்தால் சுமை தானாக இறங்காது. நம் திருகில் சரிவு 0.091, உராய்வு 0.124. நிற்கும். இன்னொரு விதமாகவும் சொல்லலாம்: தானாகப் பிடித்துக்கொள்ளும் எந்தத் திருகின் பயனுறுதிறனும் 50 சதவீதத்தைத் தாண்டாது. ஒரு விற்பனையாளர் 70 சதவீதத் திறன் உள்ள லீட் ஸ்குரூ, சுமையையும் தானே பிடித்துக்கொள்ளும் என்றால் இரண்டில் ஒன்று பொய்.

ஆனால் 0.124 என்பது கல்வெட்டு அல்ல. நல்ல எண்ணெய், பளபளப்பாகத் தேய்ந்து படிந்த நட், உராய்வு குறைந்த பிளாஸ்டிக் நட் ஆகியவற்றால் குணகம் 0.08 வரை இறங்கினால், செயல்படும் மதிப்பு 0.083. இப்போது சரிவு பெரிது, உராய்வு சிறிது. நேற்று நின்ற அதே தலை இன்று மெதுவாகத் தவழ்ந்து இறங்கலாம். அதிர்வும் இதையே செய்யும். பக்கத்தில் ஒரு மோட்டார் ஓடினாலே புரிகளுக்கிடையே உராய்வு நொடிக்குப் பலமுறை தளர்ந்து தளர்ந்து இறுகும், ஒவ்வொரு தளர்வுக்கும் நட் மயிரிழை இறங்கும். அதனால் 16 × 4 திருகை நான் 'பிடித்துக்கொள்ளும்' என்று சொல்வேன், 'பூட்டிக்கொள்ளும்' என்று சொல்ல மாட்டேன். அடியில் கை வைத்து வேலை செய்யும் எந்த இடத்திலும் உராய்வை மட்டும் நம்பக்கூடாது.

லீட் ஸ்குரூ என்றாலே இறங்காது என்று நம்புகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இன்னொன்று உண்டு. சிறிய முப்பரிமாண அச்சு இயந்திரங்களில் வரும் 8 மி.மீ. தடிமன் திருகைப் பார்த்திருப்பீர்கள். அதில் நான்கு புரிகள் இணையாக ஓடுகின்றன. பக்கத்துப் பக்கத்துப் புரிகளின் இடைவெளி 2 மி.மீ. தான், ஆனால் ஒரு சுற்றுக்கு நட் 8 மி.மீ. நகரும். இந்த இடைவெளியைப் பிட்ச் என்றும், நகர்வை லீட் என்றும் சொல்கிறோம். இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டால் கணக்கு நான்கு மடங்கு பிழையாகும். அந்தத் திருகின் சராசரி விட்டம் 7 மி.மீ., ஆகவே சரிவு 8 / 22 = 0.36. உராய்வு 0.124-க்கு அதனிடம் எந்த வாய்ப்பும் இல்லை. அதன் திறன் 71 சதவீதம், புரியின் உராய்வு தலையைப் பிடித்துவைக்காது. திருகின் பெயரைப் பார்க்காதீர்கள், சரிவைப் பாருங்கள்.

இப்போது பால் ஸ்குரூ. தலையின் எடை 118, இறங்கும்போது தண்டவாள உராய்வு நமக்கு உதவுகிறது, மீதி 98 நியூட்டன் நட்டைக் கீழே தள்ளி திருகைச் சுழற்றப் பார்க்கிறது. திரும்பிச் சுழற்றும் திறனை 2 − 1/η என்று எடுத்தால் 0.89.

```
Tback = F · L · ηback / (2π)
Tback = 98 × 0.005 × 0.89 / (2π) = 0.069 N·m
```

எதிரே நிற்பது எது? பேரிங்கும் தூசித் தடுப்பும் 0.05. மின்சாரம் இல்லாதபோதும் ஸ்டெப்பர் மோட்டாரைக் கையால் சுற்றினால் பல் பல்லாக ஒரு தடை தெரியும் அல்லவா, அதுவும் இந்த அளவு மோட்டாரில் சுமார் 0.05. கூட்டினால் 0.1. அதாவது 0.069-ஐவிடச் சற்றே அதிகம்.

இந்தச் 'சற்றே'தான் ஆபத்து. மேசைமேல் வைத்துச் சோதித்தால் தலை நிற்கும். மின்சாரத்தைத் துண்டிப்பீர்கள், நிற்கிறதே என்று மகிழ்வீர்கள். நானும் மகிழ்ந்திருக்கிறேன். புதிய நட்டின் தூசித் தடுப்பு இறுக்கமாக இருக்கும், கிரீஸ் கெட்டியாக இருக்கும். சில மாதத்தில் இரண்டும் இளகும். அதன்மேல் ஒரு கனமான துளையிடும் மோட்டாரை மாட்டியிருப்போம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பட்டறையில் இப்படித்தான் ஒரு மாலை இயந்திரத்தை அணைத்துவிட்டுப் போனோம், காலையில் துளைமுனை வேலைப்பொருளின் பிடிப்பானில் குத்தி நின்றது. யாரும் தொடவில்லை. இரவில் ஏதோ ஒரு அதிர்வு போதுமானதாக இருந்திருக்கிறது. 5 மி.மீ. லீடுக்குப் பதில் 10 மி.மீ. லீட் வாங்கியிருந்தால் இந்தச் சஸ்பென்ஸே இருந்திருக்காது. திரும்பிச் சுழற்றும் விசை 0.14 ஆகி, அணைத்த உடனே கண்ணெதிரே இறங்கியிருக்கும். யோசித்துப் பார்த்தால் அதுவே மேல்.

விழுதல் என்று சொன்னாலும் அது கல் விழுவது போல இருக்காது. முன்னே சொன்ன அந்த 95 கிலோ இங்கே நமக்குச் சாதகம். தலை கீழே வர வேண்டுமானால் திருகையும் ரோட்டாரையும் சுழற்றிக்கொண்டே வர வேண்டும். எந்தத் தடையும் இல்லாவிட்டால்கூட முடுக்கம் 1.1 மீ/வி² தான். ஆனால் வேகம் கூடிக்கொண்டே போகும், விரல் நடுவில் இருந்தால் சுழலும் இரும்பின் ஆற்றலும் சேர்ந்தே அதன்மேல் இறங்கும்.

ஆகவே பால் ஸ்குரூ போட்டால் பிரேக் வேண்டும். மின்சாரம் இருக்கும்போது திறந்து, போனால் ஸ்பிரிங்கால் மூடிக்கொள்ளும் வகை. மின்சாரம் கொடுத்தால் பிடிக்கும் வகையை வாங்கிவிடாதீர்கள், அது நீங்கள் அஞ்சும் நேரத்தில்தான் விட்டுவிடும். உராய்வின் உதவியை எண்ணாமல் முழு எடைக்கும் கணக்கிட்டாலும் தேவை 118 × 0.005 / 2π = 0.094 நியூட்டன் மீட்டர்தான். நெமா 23 மோட்டாரின் பின்புறம் பொருத்திவரும் சாதாரணப் பிரேக்குகள் இதைவிடப் பல மடங்கு வலுவானவை.

மோட்டாருக்கும் திருகுக்கும் நடுவே பல்பட்டை இருந்தால் மட்டும் பிரேக்கை மோட்டாரில் வைக்காதீர்கள். பட்டை அறுந்தால் பிரேக் மோட்டாரைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருக்கும், தலை தன் வழியில் போகும். திருகின் முனையிலேயே பிரேக் இருக்க வேண்டும். இயக்கும் வரிசையும் உண்டு. தொடங்கும்போது மோட்டாருக்கு முதலில் மின்னோட்டம், பிறகு பிரேக் திறப்பு. நிறுத்தும்போது முதலில் பிரேக், பிறகு மோட்டார். அவசர நிறுத்தத்தில் இரண்டும் ஒரே கணத்தில் துண்டிக்கப்பட்டால், பிரேக் மூட எடுக்கும் சில பத்து மில்லிநொடியில் தலை ஓரிரு மில்லிமீட்டர் நழுவலாம். நின்ற இடத்தில் துளைமுனை உள்ளே இருந்தால் அது உடையும், அவ்வளவுதான்.

பிரேக் போட்டவர்களும் மறக்கும் ஒன்று: ஸ்டெப்பர் மோட்டார் ஓடும்போது சுமை தாங்காமல் தடுமாறிவிட்டால், மின்சாரம் இருந்தும் அதன் பிடி போய்விடும். காந்தப்புலம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும், ரோட்டார் அதைத் தொடர முடியாமல் கீச்சென்று ஒரே இடத்தில் நடுங்கும், சராசரி முறுக்குவிசை ஏறத்தாழ பூஜ்யம். லீட் ஸ்குரூவில் அது வெறும் சத்தம். பால் ஸ்குரூவில் தலை இறங்கத் தொடங்கும், மின்சாரம் இருப்பதால் பிரேக்கும் திறந்தே இருக்கும். இரண்டு மடங்கு கையிருப்பு வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான். இன்னும் பாதுகாப்பு வேண்டுமென்றால் என்கோடர் உள்ள மோட்டாரையும், பிழை வந்தால் பிரேக்கை மூடச் சொல்லும் டிரைவரையும் இணையுங்கள்.

துல்லியத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் துளையிடும் தலை என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நட்டுக்கும் திருகுக்கும் இடையே உள்ள சிறு தளர்வு, அதாவது பேக்லாஷ், செங்குத்து அச்சில் ஒளிந்துகொள்ளும். தலையின் எடை எப்போதும் நட்டை ஒரே பக்கம் அழுத்தி வைத்திருப்பதால் ஏற்றி இறக்கிப் பார்த்தால் தளர்வே இல்லாதது போலத் தோன்றும். துளையின் எதிர்விசை எடையை மிஞ்சும் நொடியில் நட் மறுபக்கப் புரிக்குத் தாவும். துளைமுனை மறுபுறம் வெளியேறும்போது எதிர்விசை திடீரென மறையும், தலை தளர்வின் அளவுக்குத் தொப்பென்று இறங்கும், துளைமுனை உலோகத்தைக் கவ்விக்கொள்ளும். அடிக்கடி துளைமுனைகள் வெளியேறும் இடத்தில் மட்டுமே உடைந்தால், வேறெதையும் சந்தேகிக்குமுன் இதைப் பாருங்கள். டயல் கேஜைத் தலையின் அடியில் வைத்து, மோட்டார் பிடித்திருக்கும் நிலையில், எடையைவிடக் கூடுதலான விசையில் தலையை மேலே தூக்கி விடுங்கள். முள் நகர்ந்து திரும்பும் அளவுதான் உங்கள் தளர்வு.

வெண்கல நட்டில் இந்தத் தளர்வு தேய்மானத்தோடு வளரும். அதனால்தான் இரட்டை நட்டை ஸ்பிரிங்கால் விலக்கி வைக்கிறார்கள், அதற்கு விலையாக உராய்வு இன்னும் கூடும். பால் ஸ்குரூவில் சற்றே பெரிய உருண்டைகளைப் போட்டு இறுக்கிவிட்டால் தளர்வே இல்லாமல் செய்யலாம், நெடுங்காலம் அப்படியே இருக்கும். மலிவான உருட்டுத் திருகுகளில் எழுதியிருக்கும் சி7 என்ற தரம் தளர்வைச் சொல்வது அல்ல. 300 மி.மீ. நீளத்தில் லீட் 0.05 மி.மீ. வரை பிழையாகலாம் என்பதே அதன் பொருள். அந்தப் பிழையைக் கட்டுப்பாட்டு மென்பொருளில் அளந்து சரிசெய்துவிடலாம். துளையின் நடுவே வரும் தளர்வை எந்த மென்பொருளும் சரிசெய்யாது.

தளர்வு நட்டில் இல்லாமல் முனையிலும் இருக்கும். லீட் ஸ்குரூவை மோட்டாரின் தண்டோடு வளையும் கப்ளிங்கால் நேரடியாக இணைத்து, அச்சு வழிச் சுமை தாங்கும் பேரிங் வைக்காமல் விடும் பழக்கம் உண்டு. அப்போது 12 கிலோவும் அந்தக் கப்ளிங்கில் தொங்கும். அது ஸ்பிரிங் போல நீளும், சுருங்கும். மோட்டாரின் சின்ன பேரிங் வேறு அந்தச் சுமைக்காகச் செய்யப்பட்டதல்ல. எந்தத் திருகைப் போட்டாலும் மேல்முனையில் கோணத் தொடு பேரிங் இணை ஒன்று இருக்கட்டும். மேல்முனையில் என்று சொல்வதற்குக் காரணம், அப்போது திருகு சுமையால் இழுபடுமே தவிர அழுந்தி வளையாது. 400 மி.மீ. நீளத்தில் இது பெரிய விஷயமில்லை. அதே காரணத்தால் அதிவேகத்தில் திருகு சாட்டை போல ஆடும் சிக்கலும் உங்களுக்கு இல்லை.

ஆயுளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பால் ஸ்குரூவின் சோர்வு ஆயுள், இயங்கு சுமைத் திறனைச் சுமையால் வகுத்து, அதன் மும்மடி, பெருக்கல் பத்து லட்சம் சுற்று. சுமைத் திறன் 8,000 நியூட்டன் என்று வைத்து 150-ஆல் வகுத்தால் 53, அதன் மும்மடி ஒன்றரை லட்சம். 15,000 கோடி சுற்று என்று விடை வரும், அதற்குப் பொருளே இல்லை. உங்கள் திருகைக் கொல்லப்போவது சோர்வு அல்ல, துளையிடும்போது பறக்கும் சீவல். லீட் ஸ்குரூ நட் அழுக்கைத் தேய்த்துக்கொண்டே ஓடும், பால் ஸ்குரூ நட்டில் ஒரு சீவல் புகுந்தால் உருண்டை ஓடும் பாதையில் குழி விழும். கையால் மெதுவாகச் சுற்றினால் ஒரே இடத்தில் நறநறவென்று தட்டும். மடிப்புத் துருத்தி உறை ஒன்றைச் சேர்த்தே திட்டமிடுங்கள்.

என் தேர்வு: 1605 பால் ஸ்குரூ, திருகின் முனையில் ஸ்பிரிங் பிரேக், 48 வோல்ட்டில் நெமா 23 மோட்டார். பிரேக்கையும் அதன் மின்னிணைப்பையும் செய்ய மனமில்லை, நாளுக்குச் சில துளைகள்தான், வேகத்தைப் பாதியாக்கிக்கொள்ளலாம் என்றால் ஒற்றைப் புரி 16 × 4 லீட் ஸ்குரூவும் வெண்கல நட்டும் நேர்மையான தேர்வு. அதைப் போட்டால் ஒரு சோதனை செய்யுங்கள். தலையை உச்சியில் நிறுத்தி, கப்ளிங்கிலும் அதன் அருகே சட்டத்திலும் நேர்க்கோடாகப் பேனாவால் ஒரு குறி போடுங்கள். அச்சு மோட்டாரின் மின்சாரத்தை மட்டும் துண்டித்து, துளையிடும் மோட்டாரை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள், அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு. இரண்டு குறிகளும் விலகியிருந்தால் உங்கள் உராய்வு சரிவைவிடச் சிறிதாகிவிட்டது. எண்ணெயை மாற்றிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், பிரேக் வாங்குங்கள்.

பால் ஸ்குரூ வந்து சேர்ந்ததும் நட்டை முனைவரை சுற்றி வெளியே எடுத்துப் பார்க்கும் ஆசை வரும். திருகின் அடிவிட்டத்துக்குச் சமமான குழாய் ஒன்றை முனையில் சேர்த்துப் பிடிக்காமல் அதைச் செய்யாதீர்கள். இந்த வகையில் உருண்டைகள் 3.175 மி.மீ. விட்டம், மேசையிலிருந்து தரைக்குப் போனால் எல்லாவற்றையும் எண்ணித் திரும்பச் சேர்ப்பது நடக்காத காரியம்.